அபராத வட்டித் தள்ளுபடி மனு: கெஞ்சுவதா, சட்டம் பேசுவதா, கணக்கைக் காட்டுவதா?

மைக்ரோஃபைனான்ஸ் கடனில் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் இரண்டு மூன்று டியூ தள்ளிப்போகும். பிறகு எப்படியோ புரட்டிக் கட்டிவிடுவார்கள். கட்டி முடித்த பிறகு பார்த்தால் லோன் கார்டின் கடைசியில் அபராதம் என்று ஒரு தொகை நிற்கும். அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி எழுதப்படும் மனுக்கள் பெரும்பாலும் மூன்று விதமாக இருக்கின்றன. ஒரே கடன், ஒரே நோய், ஒரே கணக்கு. ஆனால் எழுதும் விதத்தைப் பொறுத்துக் கிளை மேலாளரின் மேஜையில் அந்தத் தாளுக்கு நேர்வது வேறுவேறு. எந்த விதத்தை எப்போது எடுப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கை வைத்தே பார்ப்போம்.

விழுப்புரம் பக்கத்தில் வீட்டிலேயே தையல் தைக்கும் ஒரு பெண். கணவர் கொத்தனார். அவருக்கு மாதம் சுமார் 14,000 ரூபாயும் இவருக்கு 7,500 ரூபாயும் வருகிறது. 2024 மார்ச்சில் குழுக் கடனாக 80,000 ரூபாய் வாங்கினார். குறையும் இருப்பின் மேல் ஆண்டுக்கு 24 சதவீத வட்டி, 24 மாதத் தவணை, மாதம் 4,230 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி, கடன் குழுக்கள் கூடும் சென்டர் மீட்டிங்கில் கட்ட வேண்டும். இதற்கு முன் அதே நிறுவனத்தில் வாங்கிய 40,000 ரூபாய்க் கடனை 18 தவணையில் முடித்திருக்கிறார். இந்தக் கடனிலும் 14 தவணை கட்டியாகிவிட்டது.

2025 மே 28 அன்று கணவருக்கு மாரடைப்பு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஜூன் 6 அன்று டிஸ்சார்ஜ். ஆகஸ்ட் 15 வரை பாரம் தூக்கும் வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் தவணைகள் நின்றன. ஆகஸ்ட் 18 அன்று ஒரு தவணை, செப்டம்பர் 5 அன்று இரண்டு, அக்டோபர் 5 அன்று இரண்டு என்று கட்டி நிலுவையை முழுதும் அடைத்துவிட்டார். கார்டில் மிச்சமிருப்பது அபராதம் 548 ரூபாய்.

ஐந்நூற்று நாற்பத்தெட்டு ரூபாய்க்கு ஒரு மனுவா என்று தோன்றலாம். தொகைக்காக மட்டும் என்றால் வேண்டாம்தான். ஆனால் இந்தச் சில்லறை நிலுவை கடைசித் தவணை வரை தொங்கினால் கணக்கு முழுதாக முடியாமல் நிற்கலாம். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்துக்குப் போகும் பதிவிலும் பாக்கி என்று ஏறலாம். அடுத்த கடன் கேட்கும்போது வழிமறிப்பது 80,000 ரூபாயாக இருக்காது, இந்த 548 ரூபாயாக இருக்கும்.

மனுவுக்கு முன், அபராதம் சரியா?

எந்த மனு என்று தீர்மானிக்கும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட மைக்ரோஃபைனான்ஸ் விதிகளின்படி, தாமதத்துக்கான அபராதத்தைத் தவறிய தொகையின் மேல் மட்டுமே போடலாம். மொத்தக் கடன் தொகையின் மேல் போடக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்ப்பது எளிது. லோன் கார்டில் அபராதம் ஆண்டுக்கு 24 சதவீதம் என்றிருந்தால், 4,230 ரூபாய்த் தவணை ஒன்று ஒரு நாள் தாமதமானால் 2 ரூபாய் 78 காசு. நம் கணக்கில் தாமத நாட்கள் இவை:

15ஆவது தவணை: ஜூன் 5 முதல் ஆகஸ்ட் 18 வரை, 74 நாள்
16ஆவது தவணை: ஜூலை 5 முதல் செப்டம்பர் 5 வரை, 62 நாள்
17ஆவது தவணை: ஆகஸ்ட் 5 முதல் செப்டம்பர் 5 வரை, 31 நாள்
18ஆவது தவணை: செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 5 வரை, 30 நாள்

மொத்தம் 197 நாள். அதை 2.78 ரூபாயால் பெருக்கினால் 548 வருகிறது. ஆக, நிறுவனம் போட்டது சரி.

இதையே தவறாகப் போட்டிருந்தால் எப்படித் தெரியும்? தொகையின் அளவே காட்டிக்கொடுத்துவிடும். 14 தவணைக்குப் பிறகு இந்தக் கடனில் பாக்கி அசல் சுமார் 38,000 ரூபாய். அதன் மேல் ஜூன் 5 முதல் அக்டோபர் 5 வரையிலான 122 நாளுக்கு 24 சதவீதம் போட்டால் 3,048 ரூபாய் ஆகிறது. 548 எங்கே, 3,048 எங்கே. கார்டில் இப்படி ஆயிரக்கணக்கில் நின்றால் அங்கே கேட்க வேண்டியது தள்ளுபடி அல்ல, திருத்தம். அதற்கு நோயும் தேவையில்லை, நல்ல பெயரும் தேவையில்லை.

இன்னும் மூன்று இடத்தில் கண் வைக்க வேண்டும். முதலாவது, அபராதத்தின் மேல் வட்டி. 2023 ஆகஸ்ட் 18 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைக்குப் பிறகு அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்க்கக் கூடாது. அதைத் தனிக் கட்டணமாகத்தான் போட வேண்டும். அதை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. இரண்டாவது, ஜிஎஸ்டி. விதிப்படி வசூலிக்கும் அபராதக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று மறைமுக வரி வாரியம் 2025 ஜனவரியில் தெளிவாக்கிவிட்டது. எனவே 18 சதவீதம் கூடுதலாக நின்றால் கேள்வி கேட்கலாம். மூன்றாவது, குழு உறுப்பினர்கள் அன்றைக்கே உங்களுக்காகக் கட்டிய தவணை. அதை உங்கள் பெயரில் வரவு வைத்திருந்தால் அந்தத் தவணைக்குத் தாமதமே இல்லை. மீட்டிங்கில் கொடுத்த ரசீதின் தேதியையும் கார்டில் ஏறிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பலர் குழப்பிக்கொள்வது சாதாரண வட்டியில். தவணை தள்ளிப்போன நாட்களில் கட்டாத அசலுக்கு ஒப்பந்த வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது அபராதம் அல்ல. அதைத் தள்ளுபடி செய்யச் சொல்வது வேறு வகை வேண்டுகோள், கிடைப்பதும் அரிது. மனுவில் 'வட்டியைத் தள்ளுபடி செய்யுங்கள்' என்று பொதுவாக எழுதினால் மேலாளர் இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு முடியாது என்று சொல்லிவிடுவார். அபராதம் என்ற வரியில் நிற்கும் தொகையை மட்டும் கேட்க வேண்டும்.

முதல் வழி: கெஞ்சல் மனு

முதலில் எழுதப்படும் மனு அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

"ஐயா, என் கணவருக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் லோன் சரியாகக் கட்ட முடியவில்லை. நாங்கள் மிகவும் ஏழைக் குடும்பம். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவு நிறைய ஆகிவிட்டது. வெளியிலும் கடன் வாங்கியிருக்கிறோம். இனிமேல் எப்படிக் கட்டப்போகிறோம் என்றே தெரியவில்லை. நான் இதுவரை ஒரு தவணைகூடத் தவறியதில்லை. தயவுசெய்து வட்டியைத் தள்ளுபடி செய்து எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் பொய் எதுவும் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் வரிக்கு வரி தனக்கே கேடு செய்துகொள்கிறார். 'இனிமேல் எப்படிக் கட்டப்போகிறோம்' என்கிறார். நிலுவை முழுதையும் அவர் ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டார்! தன் கையிலிருக்கும் மிக வலுவான செய்தியை மறைத்துவிட்டு, இல்லாத பயத்தை மேலாளருக்கு ஊட்டுகிறார். 'வெளியிலும் கடன்' என்பது அடுத்த கடனுக்கு ஆபத்து. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. கைமாற்று வாங்கியதைத் தள்ளுபடி மனுவில் எழுத வேண்டியதில்லை. (கடன் விண்ணப்பத்தில் கேட்டால் மறைக்கவும் கூடாது. அது வேறு விஷயம்.)

'ஆஸ்பத்திரிச் செலவு நிறைய' என்பதும் நிற்காது. சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்ததென்று டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே தெரியும். 'காப்பீட்டில்தானே பார்த்தீர்கள், செலவு என்ன' என்று ஒரு கேள்வி கேட்டால் மனு முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகிவிடும். உண்மையில் தவணையை நிறுத்தியது மருத்துவமனை பில் அல்ல, நின்றுபோன கூலி. 21,500 ரூபாய் வந்த வீட்டில் 7,500 மட்டும் வந்தது. அதில் 4,230 கட்டினால் மீதி 3,270 ரூபாயில் ஒரு மாதம் ஓட்ட வேண்டும். இதை எழுதினால் யாரும் மறுபேச்சு பேச முடியாது.

எல்லாவற்றையும்விட மோசமானது 'ஒரு தவணைகூடத் தவறியதில்லை' என்ற வரி. நம் எடுத்துக்காட்டில் 9ஆவது தவணை 2024 டிசம்பர் 5க்குப் பதில் டிசம்பர் 9 அன்று கட்டியிருக்கிறது. ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் அந்த வாரம் மீட்டிங்கே நடக்கவில்லை. மேலாளர் கணினியைத் திறந்தால் அந்த நான்கு நாள் தாமதம் முதலில் கண்ணில் படும். 'நோய்க்கு முன் இரண்டு கடனிலும் சேர்த்து 32ல் 31 தவணை அன்றன்றைக்கே, ஒன்று வெள்ளத்தால் நான்கு நாள் தாமதம்' என்று நாமே எழுதிவிட்டால் அது குறையாகத் தெரியாது, நேர்மையாகத் தெரியும். மறைத்தால் மீதி 31ஐயும் அது இழுத்துக்கொண்டு போகும்.

கெஞ்சல் மனுவால் பயனே இல்லையா என்றால், வாய்மொழியாக ஃபீல்டு ஆபீசரிடம் சொல்ல இது போதும். ஆனால் ஃபீல்டு ஆபீசருக்குத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் பொதுவாக இருக்காது. அவர் 'பார்க்கலாம்மா' என்று சொல்வதற்குப் பதிவு எதுவும் இல்லை. அடுத்த மாதம் அவர் வேறு கிளைக்கு மாறிப்போனால் அந்தப் பேச்சும் அவரோடு போய்விடும்.

இரண்டாவது வழி: சட்ட மனு

இது கைபேசியில் சுற்றும் மாதிரிக் கடிதங்களில் இருந்து வருவது. 'ரிசர்வ் வங்கி அபராத வட்டியைத் தடை செய்துவிட்டது. எனவே நீங்கள் வசூலித்தது சட்டவிரோதம். 7 நாளில் நீக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் போவேன்' என்ற தொனி.

இதன் அடிப்படையே தவறு. 2023 சுற்றறிக்கை அபராதத்தைத் தடை செய்யவில்லை. அதை வட்டியாகப் போடக் கூடாது, கட்டணமாகப் போடலாம், அளவு நியாயமாக இருக்க வேண்டும், ஒப்பந்தத்திலும் முக்கிய விவரத் தாளிலும் முன்பே தெரிவித்திருக்க வேண்டும், நினைவூட்டல் அனுப்பும்போது அபராதத்தையும் சொல்ல வேண்டும் என்றுதான் சொல்கிறது. நோய் வந்தால் தள்ளுபடி செய்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நோய்க்காகத் தள்ளுபடி என்பது நிறுவனம் தன் விருப்பப்படி தரும் சலுகை. இப்படிப்பட்ட வணிக முடிவுகளில் ஆம்பட்ஸ்மேன் தலையிட மாட்டார். அந்தப் புகார் ஆரம்பத்திலேயே தள்ளப்பட்டுவிடும். மிரட்டல் நிறைவேறாது என்பது நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கு நன்றாகத் தெரியும். கடிதம் அங்கே போனால் 'விதிப்படியே வசூலிக்கப்பட்டது' என்று இரண்டு வரிப் பதிலோடு கதவு அடைபடும். அதன்பின் சலுகை கேட்டு எழுதுவதும் கடினம்.

ஆனால் அபராதம் 3,048 என்று நின்றிருந்தால் இதுவே சரியான வழி. அப்போது கேட்பது சலுகை அல்ல, விதிமீறலைச் சரிசெய்யச் சொல்வது. அந்தக் கடிதத்தில் குடும்பக் கதை ஒரு வரிகூட வேண்டாம். தவறிய தவணைகள், தாமத நாட்கள், சரியான தொகை 548, போடப்பட்ட தொகை 3,048, வித்தியாசம் 2,500 ரூபாயைத் திருப்பி வரவு வையுங்கள், அவ்வளவுதான். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ பதில் சரியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் புகார் போடலாம். இந்தப் புகார் சேவைக் குறைபாடு என்பதால் எடுத்துக்கொள்ளப்படும்.

இரண்டும் சேர்ந்து இருந்தால்? 3,048 போட்டிருக்கிறார்கள், நோயும் உண்மை. அப்போது இரண்டு தாள் எழுதுவதே நல்லது. முதல் தாளில் திருத்தம். அது 548 ஆனபின் இரண்டாவது தாளில் சலுகை. ஒரே தாளில் உரிமையையும் சலுகையையும் கலந்தால் நிறுவனம் வசதியானதற்கு மட்டும் பதில் சொல்லும். 2,500 ரூபாயைக் குறைத்துவிட்டு 'தங்கள் வேண்டுகோளை ஏற்றுச் சலுகை வழங்கியுள்ளோம்' என்று எழுதுவார்கள். தர வேண்டியதையே தந்துவிட்டுத் தயவு செய்ததாக ஆகிவிடும்.

மூன்றாவது வழி: கணக்கு மனு

அபராதம் சரியாகப் போடப்பட்டிருந்து, நிலுவையும் அடைக்கப்பட்டிருந்தால் இதுதான் வழி. காரணம் மேலாளரின் நிலையில் இருக்கிறது. 548 ரூபாயைத் தள்ளுபடி செய்ய அவருக்குப் பெரும்பாலும் ஏரியா மேலாளரின் ஒப்புதல் தேவைப்படும். அதற்கு அவர் ஒரு குறிப்பு எழுத வேண்டும். ஒரே வகைக் கடன் வாங்கியவர்களிடையே அபராதத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்பதால், 'இவருக்கு மட்டும் ஏன்' என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இருக்க வேண்டும். நம் மனுவில் இருந்து அப்படியே நகல் எடுத்துக் குறிப்பில் ஒட்டக்கூடிய வரிகள் இருந்தால் வேலை நடக்கும். தேதி, தொகை, எண்ணிக்கை, ஆதாரம் என்பவையே அந்த வரிகள்.

மாற்றி எழுதிய மனு இது:

"அனுப்புநர்: (பெயர், ஊர், கைபேசி எண்)
பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், (கிளை)
நகல்: குறைதீர் அலுவலர்
கடன் எண்: … சென்டர்: … குழு: …

பொருள்: 548 ரூபாய் அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

மேற்கண்ட கடனில் 5.10.2025 அன்றோடு எல்லா நிலுவைத் தவணைகளையும் கட்டி முடித்துவிட்டேன். அபராதமாக 548 ரூபாய் மட்டும் நிற்கிறது. அதைத் தள்ளுபடி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நிறுவனத்தில் இது எனக்கு இரண்டாவது கடன். முதல் கடன் 40,000 ரூபாயை 18 தவணையிலும் உரிய நாளில் கட்டி முடித்தேன். இந்தக் கடனில் முதல் 14 தவணையில் 13ஐ உரிய நாளில் கட்டினேன். 9ஆவது தவணை மட்டும் 2024 டிசம்பர் புயல் வெள்ளத்தில் மீட்டிங் நடக்காததால் 4 நாள் தாமதம்.

28.5.2025 அன்று என் கணவருக்கு மாரடைப்பு ஏற்பட்டு அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 15.8.2025 வரை வேலைக்குப் போகக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். சிகிச்சை காப்பீட்டில் நடந்தது. ஆனால் அவருடைய கூலி 14,000 ரூபாய் நின்றதால், அந்த மாதங்களில் என் தையல் வருமானம் 7,500 ரூபாய் மட்டுமே வீட்டுக்கு வந்தது. இதனால் 15, 16, 17ஆவது தவணைகள் தவறின. நிலுவை சேர்ந்ததால் 18ஆவதும் ஒரு மாதம் தாமதமானது.

அவர் வேலைக்குத் திரும்பியதும் 18.8.2025 அன்று ஒரு தவணை, 5.9.2025 அன்று இரண்டு, 5.10.2025 அன்று இரண்டு என்று கட்டி முடித்தேன். எந்தத் தவணையும் 90 நாளைத் தாண்டவில்லை. 19ஆவது தவணை உரிய நாளில் கட்டப்பட்டது. மீதி 5 தவணைகளையும் உரிய நாளில் கட்டுவேன்.

தங்கள் முடிவை எழுத்தில் தெரிவித்து, லோன் கார்டில் அபராத நிலுவை இல்லை என்று பதிவு செய்து தருமாறு வேண்டுகிறேன்.

இணைப்பு: லோன் கார்டு நகல், டிஸ்சார்ஜ் சம்மரி முதல் பக்கம், மருத்துவரின் ஓய்வுக் குறிப்பு, மூன்று ரசீதுகளின் நகல்."

நிலுவை தீர்ந்தது என்ற செய்தி முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. நல்ல பதிவு அடுத்து, நோய் அதற்கும் பிறகுதான். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். நோயில் ஆரம்பித்தால் படிப்பவர் இதை ஒரு கஷ்டக் கதையாகவே வாசிப்பார். கட்டி முடித்தவர் எழுதுகிறார் என்று தெரிந்த பிறகு நோயைப் படித்தால், 32ல் 31 என்ற பதிவில் ஏன் ஓர் இடைவெளி விழுந்தது என்பதற்கு விளக்கமாக அமையும். 90 நாள் என்ற வரி சும்மா வரவில்லை. அந்த எல்லையைத் தாண்டினால்தான் கடன் வாராக்கடன் ஆகும். இது 74ஐத் தாண்டவில்லை என்பது மேலாளருக்கு உடனே புரியும்.

மருத்துவக் கோப்பு முழுவதையும் கொடுக்க வேண்டாம். சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, நோய், ஓய்வுக் காலம் ஆகிய நான்கும் தெரிந்தால் போதும். அசல் எதையும் கையை விட்டுப் போகவிடாதீர்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் கையொப்பமும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பலாம். குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு எண்ணும் லோன் கார்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும்.

முழுத் தொகையா, ஒரு பகுதியா, அவகாசமா?

548 ரூபாயில் நோய்க் காலத்துக்கு உரியது எவ்வளவு என்று பிரிக்கலாம். ஆகஸ்ட் 15 வரை மூன்று தவணைகளுக்குமான தாமதம் 71, 41, 10 என்று மொத்தம் 122 நாள். அதற்கு 339 ரூபாய். அதன் பிறகான 75 நாளுக்கு 209 ரூபாய். 'படுத்திருந்த நாட்களுக்கு உரிய 339ஐத் தள்ளுங்கள், மீதி 209ஐ இப்போதே கட்டுகிறேன்' என்று கேட்பது மேலாளருக்கு ஒப்புதல் வாங்க மிக எளிதான வேண்டுகோள். டாக்டர் எழுதிய தேதியே எல்லைக்கோடு. இன்னொருவர் வந்து அதே சலுகையைக் கேட்டாலும் அவர் கவலைப்பட வேண்டியதில்லை.

எதைக் கேட்பது என்பது நிலுவையின் நிலையைப் பொறுத்தது. எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டால் முழு 548ஐயே கேட்கலாம். 339 என்ற கணக்கை மனுவில் எழுதாமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் எழுதினால் சிறியதைத்தான் தருவார்கள். மேலாளர் 'முழுதும் முடியாது' என்று சொல்லும்போது எடுத்துப் பேச அது உதவும். நிலுவை இன்னும் பாக்கியிருந்தால் முழுத் தள்ளுபடி கேட்பதில் பயன் குறைவு. அபராதம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும் என்பதால், இன்று ஒப்புக்கொண்ட தொகை அடுத்த வாரம் பொருந்தாது. அப்போது ஓய்வுக் காலத்தோடு நிறுத்தி 339ஐ மட்டும் கேட்டு, மீதித் தவணைகள் எந்தத் தேதியில் வரும் என்று எழுதிக் கொடுக்கலாம். முடிந்தால் கட்டி முடிக்கும்வரை மனுவை ஒத்திவைப்பதே இன்னும் நல்லது.

அவகாசம் கேட்பது, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டச் சொல்வது என்பதெல்லாம் வேறு முடிவுகள். பழைய தவணை 80 நாளைத் தொட்டுவிட்டது, கையில் பணமில்லை என்றால் 548ஐ மறந்துவிட்டு அதைத்தான் முதலில் பேச வேண்டும். திருப்பிக் கட்டச் சிரமப்படுவோரை அடையாளம் கண்டு, என்ன வழி இருக்கிறது என்று சொல்லும் ஏற்பாட்டை ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 விதிகள் சொல்கின்றன. அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் மறுசீரமைப்பு என்று ஏறினால் கடன் அறிக்கையில் அது ஒரு தழும்பு. ஏற்கெனவே மீண்டுவிட்டவர் தள்ளுபடி மனுவில் 'கொஞ்சம் அவகாசமும் கொடுங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால், 'மீண்டுவிட்டேன்' என்று மேலே எழுதிய அத்தனையையும் அந்த வரி அடித்துவிடும்.

கடன் அறிக்கையில் 74 நாள் தாமதம் என்ற பதிவை நீக்கச் சொல்வதும் வேண்டாம். தாமதம் உண்மை. நிறுவனம் அதை மாற்றி அனுப்பக் கூடாது, அனுப்பவும் மாட்டார்கள். கேட்டால் மனுவின் நம்பகம்தான் குறையும். கேட்க வேண்டியது தற்போதைய நிலுவை பூஜ்யம் என்று போக வேண்டும் என்பதை மட்டும். தள்ளுபடி எழுத்தில் வந்து இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் இன்னும் 548 பாக்கி என்று நின்றால், தள்ளுபடிக் கடிதத்தின் நகலோடு அந்தத் தகவல் நிறுவனத்திடமே திருத்தம் கேட்கலாம். 30 நாளில் சரி செய்யாவிட்டால் அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

பதிலே வராமல் இழுத்தடித்தால் அடுத்த தவணையோடு சேர்த்து 548ஐயும் வாங்கிக்கொள்ள முயல்வார்கள். சில இடங்களில் கட்டும் பணத்தில் அபராதத்தை முதலில் கழித்துவிட்டு மீதியைத் தவணைக்கு வைப்பார்கள். அப்படிச் செய்தால் நவம்பர் 5 அன்று நீங்கள் கொடுக்கும் 4,230ல் 3,682 மட்டுமே தவணைக்குப் போகும். 548 மறுபடி தவறிய தொகை ஆகி, நன்றாகக் கட்டிய 20ஆவது தவணையும் கார்டில் தாமதம் என்று ஏறும். மீட்டிங்கில் பணம் கொடுக்கும்போதே ரசீதில் '20ஆவது தவணை 4,230' என்று எழுதி வாங்க வேண்டும். எழுத மறுத்தால், மனு நிலுவையில் இருப்பதைக் காட்டும் முத்திரையிட்ட பிரதியை அங்கேயே எடுத்துக் காட்டுங்கள். முத்திரை வாங்கி வைக்கச் சொன்னது இதற்குத்தான்.